வீடியோ ஓடும்வரை புரிந்த கோட்

புதிதாகப் புரோகிராமிங் படிப்பவர்கள் பக்கத்தில் உட்காரும்போதெல்லாம் என் பழைய மடத்தனங்கள்தான் கண்முன் வருகின்றன. அடைப்புக்குறியை மூட மறப்பது போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அதையெல்லாம் கணினியே சொல்லிவிடும்.

வீடியோவைப் பார்த்துக்கொண்டே தட்டுவது

இதைப் பார்த்தால் இன்றும் எனக்கு எரிச்சல் வரும். நிறுத்துவது, ஒரு வரி தட்டுவது, மறுபடி ஓடவிடுவது. கடைசியில் புரோகிராம் ஓடும், நாமே செய்தது போலவும் இருக்கும். எண்ணைக் கண்டுபிடிக்கும் விளையாட்டைப் பைத்தானில் மூன்று வீடியோக்களைப் பார்த்து நான் இப்படித்தான் 'செய்திருந்தேன்'. அப்புறம் ஒருநாள் வெற்றுக் கோப்பைத் திறந்து தனியாக எழுதினேன்:

```python
secret = 7
guess = input("எண்? ")
if guess == secret:
    print("சரி")
else:
    print("தவறு")
```

7 தட்டினேன். தவறு என்றது. மறுபடி 7, மறுபடி தவறு. எர்ரரும் வரவில்லை. ஒரு மாலைப் பொழுது முழுக்க அதிலேயே போனது.

விஷயம் இதுதான்: நாம் எதைத் தட்டினாலும் `input()` அதை எழுத்தாகத்தான் கொடுக்கும். எழுத்தாக வந்த '7' வேறு, எண்ணான 7 வேறு. `==` இரண்டையும் ஒப்பிட்டு, இல்லை என்று சத்தமில்லாமல் சொல்லிவிடும். `>` போட்டிருந்தாலாவது `TypeError` வந்து காட்டிக்கொடுத்திருக்கும்.

மூன்று வீடியோக்களிலும் `int(input())` என்றுதான் இருந்தது. நானும் அப்படியே தட்டியிருந்தேன். எழுத்தை எண்ணாக மாற்றும் அந்த `int` இல்லாமல் ஒருமுறைகூட ஓடவிட்டுப் பார்க்காததால், அது எதற்கு என்ற கேள்வியே எனக்கு எழவில்லை.

இப்படிச் சந்தேகம் வந்தால் `print(repr(guess))` போட்டுப் பாருங்கள். மேற்கோள் குறியோடு `'7'` என்று வந்தால் அது எழுத்து. `int` சேர்த்த பிறகு 'ஏழு' என்று தட்டினால் `ValueError` வரும், அதற்கு `try` வேண்டும். (தமிழ் எண்ணான ௭ தட்டினால் பைத்தான் 7 என்றே எடுத்துக்கொள்ளும். எனக்கு அது பிடிக்கும்.)

ஆகவே வீடியோவை முழுதாகப் பார்த்துவிட்டு மூடிவிடுங்கள். வெற்றுக் கோப்பில் எழுதுங்கள். சிக்கினால் 20 நிமிடமாவது முட்டிப் பார்த்துவிட்டு, அந்த ஓர் இடத்தை மட்டும் திரும்பப் பாருங்கள். ஓடிய பிறகு வீடியோவில் இல்லாத ஒன்றைச் சேருங்கள்: ஐந்து வாய்ப்பு முடிந்தால் ஆட்டம் நிற்க வேண்டும் என்று வையுங்கள். அந்த எண்ணிக்கையைச் சுழற்சிக்குள்ளே தொடங்கி, ஒவ்வொரு சுற்றிலும் அது பூஜ்ஜியமாவதைப் பார்த்துத் தலையைச் சொறிவீர்கள். வெளியே நகர்த்தினால் சரியாகிவிடும்.

முதல் முயற்சியே பெரிய செயலி

வேண்டாம். 30 வரிக்குள் முடிவதை எடுங்கள்.

எர்ரரைப் படிக்காமல் மூடுவது

பைத்தானில் கடைசி வரியை முதலில் படியுங்கள். என்ன பிழை என்பது அங்கே இருக்கும், எந்த வரியில் என்பது அதற்குச் சற்று மேலே.