பச்சைமேல் சிவப்பு: கடைப் பலகையில் நிறம் தவறும் இடங்கள்

சென்ற வாரம், பலகைத் தொழிலுக்குப் புதிதாக வந்த தம்பி ஒருவர் கணினித் திரையில் ஒரு பெயர்ப் பலகையைக் காட்டினார். இலைப்பச்சை அடிநிறம், மேலே ரத்தச் சிவப்பில் எழுத்து. “அண்ணே, பளிச்சென்று இருக்கிறதல்லவா?” என்றார். திரையில் பளிச்சென்றுதான் இருந்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு பழக்கடைக்கு எழுதிக் கொடுத்த பலகையும் இப்படித்தான் இருந்தது. அந்தப் பலகையை இன்று நினைத்தாலும் எனக்கு எரிச்சல் வருகிறது.

எழுத்துப்பிழை, கோணலாக மாட்டுவது போன்றவற்றை யாரும் சொல்லாமலே திருத்திக்கொள்வீர்கள். இங்கே நிறத்தைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

வேறு நிறமாக இருந்தால் போதும் என்று நினைப்பது

அந்தப் பழக்கடைப் பலகை பத்தடி நீளம், மூன்றடி உயரம். எழுத்து ஓரடி. எதிரே பஸ் நிறுத்தம், சுமார் 120 அடி தள்ளி. பச்சைமேல் சிவப்பு எனாமல் அடித்தேன். கடை வாசலில் நின்று பார்த்தபோது அருமையாக இருந்தது. மாலை ஆறரை மணிக்குப் பஸ் நிறுத்தத்திலிருந்து பார்த்தால் இருண்ட பலகை ஒன்று தொங்கியது, அவ்வளவுதான்.

காரணம் இதுதான். தூரத்திலிருந்து எழுத்தின் வடிவத்தைக் கண் பிடிப்பது பெரும்பாலும் வெளிச்ச வேறுபாட்டால்தான். எது வெளுப்பு, எது இருட்டு என்பதை அது நுணுக்கமாகப் பிரித்தறியும். எது சிவப்பு, எது பச்சை என்பதை அத்தனை நுணுக்கமாகப் பிரித்தறியாது. அந்தச் சிவப்பும் அந்தப் பச்சையும் கிட்டத்தட்ட ஒரே அளவு இருட்டு. பொழுது சாயும்போது நிலைமை இன்னும் மோசமாகும். மங்கிய ஒளியில் வேலை செய்யும் விழிச் செல்களுக்குச் சிவப்பு ஏறக்குறைய தெரியாது என்பதால், சிவப்பு மற்ற நிறங்களுக்கு முன்பே கறுத்துவிடும். சிவப்பு, பச்சை பிரித்தறிய முடியாத பார்வைக் குறை உள்ளவர்களுக்கோ நண்பகலிலும் அந்தப் பலகை சிரமம்தான்.

அதைவிடப் பெரிய தவறு, அதைச் சரிசெய்ய நான் செய்தது. எழுத்தைச் சுற்றி அரை அங்குல மஞ்சள் ஓரக்கோடு போட்டேன். இப்போது தூரத்தில் தெரிந்தது எழுத்து அல்ல, மஞ்சள் கம்பிச் சுருள். ‘ழ’வின் வளைவுக்குள் இருந்த இடைவெளியைக் கோடு விழுங்கிவிட்டது. ‘க்’ மேலிருந்த புள்ளி மஞ்சள் கறையாகிப் பக்கத்து எழுத்தோடு ஒட்டிக்கொண்டது. தமிழ் எழுத்தில் சுழியும் புள்ளியும் போனால் மிச்சம் என்ன இருக்கிறது?

கடைசியில் முழுப் பலகையையும் சுரண்டி, கறுக்கும் அளவு அடர்ந்த பச்சையை அடியில் பூசி, வெள்ளையில் எழுதினேன். கடைக்காரர் கேட்ட சிவப்பை ஓரத்தில் ஒரு மாதுளம்பழமாக வரைந்தேன். ஓரக்கோடு எதுவும் போடவில்லை. மறுநாள் மாலை, பஸ்ஸிலிருந்து இறங்கியவர்கள் பெயரைப் படித்தார்கள். பெயிண்டுக்கும் இரண்டு நாள் கூலிக்கும் ஆன செலவு என் கையிலிருந்து போனது.

இன்று அந்தச் செலவு யாருக்கும் தேவையில்லை. வடிவமைப்பைக் கைப்பேசியில் படம்பிடித்துக் கறுப்பு வெள்ளையாக மாற்றுங்கள். எழுத்தும் அடிநிறமும் ஒரே சாம்பல் நிறமாகிவிட்டால் அந்த ஜோடியை விட்டுவிடுங்கள். அடுத்து, பத்தடிப் பலகையைப் பத்தங்குல நீளத்துக்குச் சுருக்கி ஏ4 தாளில் அச்செடுங்கள். அதைச் சுவரில் ஒட்டிப் பத்தடி தள்ளி நின்று பாருங்கள். பன்னிரண்டில் ஒரு பங்காகச் சுருக்கியிருப்பதால், 120 அடியிலிருந்து பலகை தெரியும் அளவிலேயே தாளும் தெரியும். ஒருமுறை பகலில், ஒருமுறை விளக்கேற்றும் நேரத்தில் வெளியே வைத்துப் பாருங்கள். திரையை நம்பாதீர்கள். திரை தானே ஒளி வீசுவது, பலகை வெயிலை வாங்கித் தருவது.

மஞ்சள்மேல் வெள்ளை

வேண்டாம். மஞ்சள் அடிநிறம் என்றால் எழுத்து கறுப்பு.

இரு நிறக் கலவை அடிநிறம்

ஒரு பக்கம் நீலம், மறுபக்கம் வெளிர்நீலம் என்று கரையவிட்டு, மேலே வெள்ளையில் எழுதினால் பெயரின் கடைசி இரண்டு எழுத்துகள் காணாமல் போகும்.

வெயிலைக் கணக்கில் எடுக்காதது

ஃப்ளெக்ஸில் சிவப்பும் மஞ்சளும் முதலில் வெளுக்கும், கறுப்பும் நீலமும் தாக்குப்பிடிக்கும். மேற்குப் பார்த்த கடையில், வெள்ளைமேல் சிவப்பு எழுத்து நாளடைவில் வெளிறிய ரோஜா நிறமாகிவிடும். அங்கே வெள்ளைமேல் அடர்நீலத்தில் எழுதுங்கள்.

உள்ளே விளக்கு வைத்த பலகைக்கும் அதே நிறம்

வெள்ளை அடிநிறத்தில் கறுப்பு எழுத்து பகலில் நன்றாக இருக்கும். இரவில் உள்ளே விளக்கெரிந்தால் வெள்ளை நாலாபுறமும் பரவி எழுத்தின் கோடுகளை அரித்துவிடும். அடர்ந்த அடிநிறத்தில் வெள்ளை எழுத்து வையுங்கள். அந்த எழுத்தும் பரவும் என்பதால், சுழிகளை வழக்கத்தைவிடச் சற்று அகலமாகத் திறந்து, எழுத்துகளுக்கு நடுவே கூடுதல் இடம் விட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.