போட்டோவ வச்சு கறவை மாடு கழிக்கறது எப்படி: மடி, கால், முதுகு

இப்பல்லாம் கடலூர் பக்கம் மாடு விக்கறவங்க மொதல்ல வாட்ஸ்அப்ல போட்டோ தான் போடறாங்க, பண்ருட்டியில ஒண்ணு, விருத்தாசலத்துல ஒண்ணுன்னு எல்லாத்தையும் நேர்ல போய் பாத்தா வண்டி வாடகையும் போகுது ஒரு நாள் வேலையும் கெடுது. அதனால போட்டோவ வச்சு எந்த மாட்ட வாங்கலாம்னு முடிவு பண்ண முடியாது, ஆனா எதுக்கு போகவே வேணாம்னு கண்டிப்பா கழிச்சிடலாம். இங்க சொல்றது ஜெர்சி கலப்பு கறவைக்கு, பால் ஆட்டுக்கும் மடி விஷயம் பெரும்பாலும் இதே தான்.

மொதல்ல, அவங்க அனுப்புன போட்டோவ வச்சு எதையும் பாக்காதீங்க, நீங்க கேட்டு வாங்குங்க. சிமெண்ட் தரையிலயோ மட்டமான மண்ணுலயோ நிக்க வச்சு (புல்லுல நின்னா குளம்பு தெரியாது) பக்கவாட்டுல ஒண்ணு, வால ஒதுக்கிப் புடிச்சிக்கிட்டு நேர் பின்னாடிலேந்து ஒண்ணு, கறந்து முடிச்ச ஒடனே அதே பின்பக்கம் திரும்ப ஒண்ணு. பின்பக்கம் எடுக்கறவர் குத்த வச்சு உக்காந்து, மொபைல மாட்டோட பின்கால் மூட்டு உயரத்துல வச்சு எடுக்கணும், நின்னுக்கிட்டே கீழ பாத்து எடுத்தா தொங்கற மடி கூட மேல இருக்கற மாதிரி தான் தெரியும்.

அடுத்து மடி. பின்கால்ல பாதிக்கு கீழ பின்பக்கமா முட்டிக்கிட்டு ஒரு மூட்டு இருக்கும்ல, போட்டோல எடிட் போயி பென்னால ரெண்டு பக்கத்து மூட்டையும் சேத்து ஒரு கோடு போடுங்க. தலை ஈத்து மாட்டுக்கு மடியோட அடி அந்தக் கோட்டுக்கு நல்லா மேலயே இருக்கணும், அஞ்சு ஈத்து போட்ட மாடுன்னா கோட்ட தொட்டா கூட பரவால்ல, ரெண்டாவது ஈத்துலயே கீழ எறங்கிருச்சுன்னா வேணாம். மடிய தூக்கிப் புடிக்கறது நடுவுல ஓடற ஒரு தசைநார், அது கெட்டியா இருந்தா பின்னாடிலேந்து பாக்கறப்ப நடுவுல ஒரு பள்ளம் தெளிவா தெரியும், காம்பு நாலும் நேர் கீழ பாக்கும். நார் தளந்துட்டா பள்ளம் மறைஞ்சு அடி தட்டையாகும், காம்பு ரெண்டு பக்கமும் வெளிய விரியும், அது திரும்ப சரியாகாது. ஒவ்வொரு ஈத்துக்கும் இன்னும் எறங்கும், சேறு படும், காம்பு மிதி படும், மடிநோய் சும்மா சும்மா வரும். பக்கவாட்டு போட்டோல மடி வயித்தோட சேர்ற எடத்த பாருங்க, வழவழன்னு ஒட்டி போகணும், அங்க வெட்டு விழுந்த மாதிரி இருந்தா முன்பிடிப்பு வீக்.

கன்னு போட்டு ஒரு வாரத்துக்குள்ள எடுத்த போட்டோவா இருந்தா மடி நீர் கோத்து வீங்கி பள்ளமே தெரியாது, அப்போ ரெண்டு வாரம் கழிச்சு திரும்ப எடுத்து அனுப்ப சொல்லுங்க.

எங்க பாகூர் பக்கத்து அக்கா ஒருத்தங்க ரெண்டாவது ஈத்து மாடு ஒண்ணு பாத்தாங்க, ஒரு நாளைக்கு பன்னெண்டு லிட்டர்னு தரகர் சொன்னாரு. பக்கவாட்டு போட்டோ அவ்ளோ அழகு, முதுகு நேர், மடி பானை மாதிரி. பின்பக்க போட்டோ வந்ததும் கோடு போட்டு பாத்தா மடி அடி கோட்டுக்கு கீழ, நடுப்பள்ளம் இல்ல, பின்காம்பு ரெண்டும் வெளிய விரிஞ்சு நிக்குது. அப்பவும் அக்காவுக்கு மனசு வரல, கறந்த பின்னாடி போட்டோ கேளுங்கன்னேன். பாதி மடி சுருங்கி தோல் மடிப்பு மடிப்பா தொங்கணும்ல, இது கறந்தும் அப்படியே நிக்குது. ஒண்ணு சதை மடி, இல்ல பழைய மடிநோயில இறுகிப் போனது, ரெண்டுல எதுவா இருந்தாலும் பால் அவ்ளோ வராது. ஒரு வேளை கறக்காம விட்டு மடிய நெறப்பி காட்றவங்களும் இருக்காங்க, அதனால தான் அந்த ரெண்டாவது போட்டோவ நான் விடவே மாட்டேன். அக்கா அந்த மாட்டுக்கு போகல.

காலுக்கு வருவோம். பக்கவாட்டுல பின்கால் மூட்டுல லேசான வளைவு இருக்கணும். அருவா மாதிரி ரொம்ப வளைஞ்சா குளம்போட பின்பக்கம் தேயும், முன்பக்கம் நீண்டுக்கிட்டே போகும். கம்பு நட்ட மாதிரி நேரா இருந்தாலும் ஆகாது, சிமெண்ட் கொட்டாயில அதிர்ச்சி நேரா மூட்டுல ஏறி வீங்கிடும். பின்னாடிலேந்து பாத்தா மூட்டு ரெண்டும் உள்ள இடிக்கற மாதிரி தெரிஞ்சா ஒடனே கழிக்காதீங்க, குளம்பு வெட்டாம வளந்திருந்தாலும் அப்படி நிக்கும், நடக்கற வீடியோ கேளுங்க.

முதுகுல நான் ரொம்ப நேரம் நிக்க மாட்டேன், நடுவுல கொஞ்சம் குழி விழுந்தா பால் கொறையாது. ஆனா இடுப்பெலும்ப விட வாலுக்கு ரெண்டு பக்கமும் இருக்கற எலும்பு கொஞ்சம் தாழ்வா இருக்கணும், அது மேல தூக்கிக்கிட்டு இருந்தா கன்னு போட்டப்பறம் அழுக்கு சரியா வடியாம கருப்பையில தங்கும். முன்காலு மேட்டுல நின்னா இந்தக் குறை மறைஞ்சுடும், அதனால நாலு குளம்பும் ஒரே மட்டத்துல இருக்கான்னு பாத்துட்டு அப்பறம் எலும்ப பாருங்க.

இதெல்லாம் தாண்டுன மாட்டுக்கு மட்டும் வண்டி ஏறுங்க, கறக்கற நேரத்துக்கு போங்க. போட்டோல தெரியாதது மடிநோய், அதனால நாலு காம்புலயும் மொதப் பீச்ச கருப்புத் துணியில விட்டு திரி திரியா வருதான்னு பாத்துட்டு அப்பறமா வெல பேசுங்க.