குவளையில் முகம் எங்கே உட்கார வேண்டும்?

தீபாவளிப் பரிசாகத் தாத்தாவின் கார்ட்டூன் முகத்தைக் குவளையில் அச்சிட்டுத் தரச் சொல்லி, தேக்கா பக்கத்துக் கடைகளுக்குப் படம் அனுப்புகிறவர்கள் பெரும்பாலும் முகத்தை டெம்ப்ளேட்டின் நட்டநடுவில் வைத்துவிடுகிறார்கள். நடு என்பது கைப்பிடிக்கு நேர் எதிர்ப்பக்கம். தாத்தா வலக்கையில் பிடித்துக் கோப்பி குடிக்கும்போது அவர் கண்ணில் படுவது அந்தப் பக்கம் இல்லை.

வழக்கமான 11 அவுன்ஸ் குவளையின் விட்டம் சுமார் 8.2 செ.மீ., சுற்றளவு சுமார் 25.8. கைப்பிடிக்கு இடம் விட்டால் அச்சுக்கு ஏறக்குறைய 20 செ.மீ. கிடைக்கும். குடிப்பவருக்கு நேராக இருப்பது நடுவிலிருந்து கால் சுற்று, அதாவது 6.4 செ.மீ. வலப்பக்கம். டெம்ப்ளேட்டின் வல ஓரத்திலிருந்து 3.6 செ.மீ. உள்ளே என்று கணக்கு. மூக்கு அங்கே வரட்டும். இடக்கைக்காரர் என்றால் இட ஓரத்திலிருந்து அளக்க வேண்டும்.

முகத்தின் அகலம் 6 செ.மீ.க்கு மேல் போகவேண்டாம். அதைத் தாண்டினால் ஒரு காது கைப்பிடிப் பக்கத்து அச்சு ஓரத்தை முட்டும், இன்னொன்று வளைவில் ஒடுங்கிவிடும். கண், மூக்கு, வாய் நடு 4 செ.மீ.க்குள் அடங்கினால் போதும். முடியும் தோளும் ஓரத்தில் ஒடுங்கினாலும் யாருக்கும் தெரியாது. கன்னத்து நிழலை நெருக்கமான கோடுகளால் வரைந்திருந்தால் ஓரத்தில் அவை ஒட்டிக் கறுப்பாகத் தெரியும், சிலவற்றை எடுத்துவிடுங்கள். வளைவை ஈடுகட்ட முகத்தை அகலமாக இழுப்பது வேண்டாத வேலை, குவளையைக் கொஞ்சம் திருப்பினாலே முகம் உப்பித் தெரியும்.

அப்புறம், சாதாரணத் தாளில் 100 சதவீத அளவில் அச்சடித்துக் குவளையில் சுற்றி, கை நீட்டும் தூரத்தில் வைத்துப் பாருங்கள்.