தேதிகளைத் தானே கணக்கிடும் வேலைத்திட்ட அட்டவணை: விரிதாளில் ஓர் எளிய கான்ட் வரைபடம்

சில மாதங்களுக்கு முன் ஓர் இணையதளம் உருவாக்கும் பணிக்காக விரிதாளில் அட்டவணை தயாரித்தேன். வேலைகள், தொடக்கத் தேதி, எத்தனை நாள், முடிவுத் தேதி என்று எல்லாம் இருந்தும், இறுதித் தேதி மட்டும் நான் கையால் எண்ணியதைவிட நான்கு வேலை நாட்கள் தள்ளி நின்றது. காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மாலைப்பொழுது முழுவதும் ஆனது. அந்தப் பிழை வராமல் அட்டவணையைக் கட்டி, அதன் பக்கத்திலேயே வண்ணப் பட்டைகள் ஓடும்படி செய்வது எப்படி என்பதை இங்கே எழுதுகிறேன். சூத்திரங்கள் எக்செலுக்காக எழுதப்பட்டவை. கூகுள் ஷீட்ஸில் மாற்ற வேண்டிய ஓரிடத்தை அது வரும்போது சொல்கிறேன். உங்கள் கணினியின் வட்டார அமைப்பு காற்புள்ளியை ஏற்கவில்லை என்றால், சூத்திரங்களில் அதற்குப் பதிலாக அரைப்புள்ளி இடவும்.

அட்டவணையின் அமைப்பு

முதல் வரிசையில் தலைப்புகள் இருக்கட்டும். A நெடுவரிசையில் வேலையின் பெயர், B-யில் தொடக்கம், C-யில் வேலை நாட்களின் எண்ணிக்கை, D-யில் முடிவு. E நெடுவரிசையை இப்போதைக்குக் காலியாக விடுங்கள். கடைசியில் அது தேவைப்படும். `Holidays` என்ற பெயரில் தனித் தாள் ஒன்றைத் திறந்து, அதில் A2 முதல் விடுமுறைத் தேதிகளை எழுதுங்கள். நம் எடுத்துக்காட்டில் ஒரே ஒரு விடுமுறைதான்: 11 மார்ச் 2026, புதன்கிழமை. சனியும் ஞாயிறும் வேலை இல்லை.

எல்லாம் முடிந்த பிறகு அட்டவணை இப்படி இருக்க வேண்டும்:

| வரிசை | வேலை | தொடக்கம் | நாட்கள் | முடிவு |
|---|---|---|---|---|
| 2 | தேவைகளைத் திரட்டுதல் | மார்ச் 2 | 3 | மார்ச் 4 |
| 3 | வடிவமைப்பு | மார்ச் 5 | 5 | மார்ச் 12 |
| 4 | உள்ளடக்கம் எழுதுதல் | மார்ச் 5 | 4 | மார்ச் 10 |
| 5 | பக்கங்களை உருவாக்குதல் | மார்ச் 13 | 6 | மார்ச் 20 |
| 6 | சோதனை | மார்ச் 23 | 3 | மார்ச் 25 |
| 7 | வெளியீடு | மார்ச் 26 | 0 | மார்ச் 26 |

கையால் தட்டச்சு செய்யும் தேதி B2-வில் உள்ள ஒன்றுதான். அதை `02/03/2026` என்று எழுதினால், மாதத்தை முதலில் வைக்கும் அமைப்புள்ள கணினி அதைப் பிப்ரவரி 3 என்று எடுத்துக்கொள்ளும்; பிழைச் செய்தி எதுவும் வராது. ஆகையால் நான் எப்போதும் இப்படித்தான் எழுதுகிறேன்:

```
=DATE(2026,3,2)
```

கட்டத்தின் வடிவத்தைச் சற்று நேரம் எண்ணாக மாற்றிப் பார்த்தால் 46083 என்று காட்ட வேண்டும். தேதி என்பது உள்ளே வெறும் நாள் எண்தான். இதை மனத்தில் வைத்துக்கொண்டால் கீழே வரும் ஒவ்வொரு சூத்திரமும் எளிதில் விளங்கும்.

முடிவுத் தேதி: நான் தடுக்கி விழுந்த இடம்

நான் முதலில் எழுதிய சூத்திரம் `=WORKDAY(B2,C2,Holidays!$A$2:$A$20)`. பார்ப்பதற்குச் சரியாகவே தோன்றும். ஆனால் `WORKDAY` தொடக்க நாளைக் கணக்கில் சேர்க்காமல், அதற்கு அடுத்த நாளிலிருந்து எண்ணுகிறது. திங்கள் 2-ஆம் தேதி தொடங்கும் மூன்று நாள் வேலை திங்கள், செவ்வாய், புதன் என்று 4-ஆம் தேதி முடிய வேண்டும். அந்தச் சூத்திரமோ வியாழன் 5-ஆம் தேதியைத் தரும். ஒரே வேலை என்றால் ஒருநாள் பிழையாகக் கண்ணில் படாமலேயே போய்விடும். ஒன்றன்பின் ஒன்றாகக் காத்திருக்கும் வேலைகளில் ஒவ்வொன்றும் தன் பங்குக்கு ஒருநாளைச் சேர்க்கும். மேலே உள்ள அட்டவணையில் தேவைகள், வடிவமைப்பு, உருவாக்கம், சோதனை ஆகிய நான்கும் அப்படிப்பட்டவை. அதனால்தான் 25-ஆம் தேதி முடிய வேண்டிய சோதனை எனக்கு 31-ஆம் தேதிக்குப் போயிருந்தது.

இதைத் திருத்துவதற்குப் பலரும் `=WORKDAY(B2,C2-1,Holidays!$A$2:$A$20)` என்று எழுதுகிறார்கள். தொடக்க நாள் வேலை நாளாக இருக்கும் வரை அது சரியான விடையையே தரும். யாரேனும் தொடக்கத்தைச் சனிக்கிழமை மார்ச் 7 என்று மாற்றிவிட்டால், மூன்று நாள் வேலைக்கு அது செவ்வாய் 10-ஆம் தேதியைக் காட்டும். அதாவது திங்கள், செவ்வாய் என்று இரண்டே வேலை நாட்கள்தான் கிடைத்திருக்கும். எனவே நாட்களைக் குறைப்பதைவிடத் தொடக்கத் தேதியை ஒருநாள் பின்னே இழுத்து, அங்கிருந்து எண்ணச் சொல்வதே நல்லது:

```
=IF(C2="","",WORKDAY(B2-1,MAX(C2,1),Holidays!$A$2:$A$20))
```

இப்போது எண்ணிக்கை வெள்ளி 6-இலிருந்து தொடங்குவதால், சனிக்கிழமைத் தொடக்கத்துக்கும் திங்கள், செவ்வாய், விடுமுறையைத் தாண்டி வியாழன் 12 என்று சரியான மூன்று நாட்கள் கிடைக்கும். `MAX(C2,1)` என்பது வெளியீடு போன்ற பூஜ்ய நாள் வேலைகளுக்காகச் சேர்த்தது. அது இல்லையென்றால் முடிவுத் தேதி தொடக்கத்துக்கு முந்தைய நாளாகிவிடும். வரைபடத்தில் அந்த வேலைக்குப் பட்டையே வராது. விடுமுறைப் பட்டியலின் முகவரியில் டாலர் குறிகளை விட்டுவிட வேண்டாம். விட்டால், சூத்திரத்தைக் கீழே இழுக்க இழுக்கப் பட்டியலும் சேர்ந்து நழுவி, மேலே உள்ள விடுமுறைகள் ஒவ்வொன்றாகக் கணக்கிலிருந்து விடுபட்டுப் போகும்.

இதை D2-வில் எழுதி D7 வரை இழுத்துவிடுங்கள்.

அடுத்த வேலையின் தொடக்கம்

முந்தைய வேலை முடிந்த மறுநாள் சனிக்கிழமையாகவோ விடுமுறையாகவோ இருக்கலாம் என்பதால் `D2+1` என்று எழுதக் கூடாது. B3-இல் இதை எழுதுங்கள்:

```
=WORKDAY(D2,1,Holidays!$A$2:$A$20)
```

உள்ளடக்கம் எழுதுவதும் வடிவமைப்போடு ஒரே நாளில் தொடங்குவதால் B4-லும் `D2`-வே வரும். பக்கங்களை உருவாக்குவதற்கு இரண்டும் முடிந்திருக்க வேண்டும். ஆகவே B5-இல் இரண்டில் பிந்தியதை எடுக்கிறோம்:

```
=WORKDAY(MAX(D3,D4),1,Holidays!$A$2:$A$20)
```

B6-லும் B7-லும் மீண்டும் பழைய வடிவம்தான். அவற்றில் முறையே `D5`, `D6` வரும்.

பட்டைகள்

அடுக்குப் பட்டை விளக்கப்படத்தைப் போட்டு, அதன் முதல் பகுதியை நிறமற்றதாக்கிக் கான்ட் போலக் காட்டும் முறையும் ஒன்று உண்டு. அதை நான் பரிந்துரைக்க மாட்டேன். ஒரு வரிசை சேர்த்தாலும் அச்சையும் வீச்சையும் மறுபடி சரிசெய்ய வேண்டியிருக்கும். கட்டங்களுக்கே நிறம் பூசுவது எளிது, அச்சிடவும் ஒழுங்காக வரும்.

F1-இல் `=$B$2` என்றும், G1-இல் `=F1+1` என்றும் எழுதி, G1-ஐ AI1 வரை இழுத்தால் மார்ச் 2 முதல் 31 வரை முப்பது நாட்கள் வரும். வடிவத்தை `d` என்று வைத்து நெடுவரிசைகளைக் குறுக்கிக்கொள்ளுங்கள்.

இனி F2-இலிருந்து AI7 வரை தேர்ந்தெடுக்க வேண்டும். தேர்வை F2-இல்தான் தொடங்க வேண்டும். அதைக் கீழிருந்து மேலாக இழுக்க வேண்டாம். நிபந்தனைச் சூத்திரத்தில் உள்ள முகவரிகளை எக்செல் அப்போது செயலில் இருக்கும் கட்டத்தை வைத்தே புரிந்துகொள்கிறது. AI7-இலிருந்து மேல்நோக்கி இழுத்திருந்தால் செயலில் இருப்பது AI7. F2-க்காக எழுதிய சூத்திரம் அப்போது வேறு வரிசைகளையும் வேறு தேதிகளையும் பார்க்கும். பட்டைகள் தோன்றியும் அவை தவறான வேலைக்கு நேராக நின்றால், முதலில் ஐயப்பட வேண்டியது இதைத்தான்.

`Conditional Formatting`, `New Rule`, `Use a formula to determine which cells to format` என்று போய் இதை எழுதி, ஒரு நிறத்தைத் தேர்ந்தெடுங்கள்:

```
=AND($C2<>"",F$1>=$B2,F$1<=$D2)
```

டாலர் குறிகள் எங்கே நிற்கின்றன என்பதை நிதானமாகப் பாருங்கள். தேதி எப்போதும் முதல் வரிசையிலிருந்து வர வேண்டும், ஆனால் நெடுவரிசை மாறிக்கொண்டே போக வேண்டும், அதனால் `F$1`. தொடக்கமும் முடிவும் எப்போதும் B, D நெடுவரிசைகளிலிருந்து வர வேண்டும், ஆனால் வரிசை மாற வேண்டும்; அதனால் `$B2`, `$D2`. நான் முதல்முறை `$F$1` என்று எழுதிவிட்டேன். எல்லாக் கட்டங்களும் மார்ச் 2 என்ற ஒரே தேதியோடு ஒப்பிடப்பட்டதால், முதல் வேலையின் வரிசை முழுவதும் நிறமாகி மற்ற வரிசைகள் வெறுமையாக நின்றன.

தொடக்கத்தில் உள்ள `$C2<>""` நான் முதலில் எழுதிய வடிவத்தில் இல்லை. காலி வரிசைகள்கூட முழுநீளமும் நிறமாகின்றன என்று வாசகர் ஒருவர் எழுதிய பிறகு சேர்த்தது இது. நாட்கள் காலியாக இருக்கும்போது D-யில் இருப்பது எண் அல்ல, வெற்று உரை. எக்செலின் ஒப்பீட்டில் எந்த உரையும் எந்த எண்ணையும்விடப் பெரியது. ஆகவே `F$1<=$D2` என்பது எல்லா நாட்களுக்கும் உண்மையாகிவிடுகிறது.

அதே பரப்புக்கு இரண்டாவது விதியாக, வேலையில்லா நாட்களைச் சாம்பல் நிறமாக்குங்கள். விதிப் பட்டியலில் இது மேலே இருக்க வேண்டும்:

```
=OR(WEEKDAY(F$1,2)>5,COUNTIF(Holidays!$A$2:$A$20,F$1)>0)
```

கூகுள் ஷீட்ஸில் நிபந்தனைச் சூத்திரம் வேறு தாளை நேரடியாகப் பார்க்காது. அங்கே `Holidays!$A$2:$A$20` என்பதற்குப் பதிலாக `INDIRECT("Holidays!$A$2:$A$20")` என்று எழுத வேண்டும்.

சனிக்கிழமையும் வேலை நாள் என்றால்

இதையும் சிலர் கேட்டிருந்தார்கள். எல்லா இடங்களிலும் `WORKDAY`-ஐ `WORKDAY.INTL` ஆக்கி, மூன்றாவது இடத்தில் 11 என்று கொடுங்கள். ஞாயிறு மட்டும் விடுமுறை என்பதற்கான குறியீடு அது.

```
=IF(C2="","",WORKDAY.INTL(B2-1,MAX(C2,1),11,Holidays!$A$2:$A$20))
```

சோதனை 25-க்குப் பதிலாக 21-ஆம் தேதியே முடிந்துவிடும். சாம்பல் விதியில் `>5` என்பதை `=7` என்று மாற்ற மறந்துவிட வேண்டாம். மறந்தால் கணக்கு சரியாக இருந்தும் சனிக்கிழமைகளில் பட்டை அறுந்து காணப்படும்.

வேலை தாமதமானால்

D-யில் உள்ள சூத்திரத்தின் மீது உண்மையான தேதியைத் தட்டச்சு செய்துவிடும் பழக்கத்தால் பல அட்டவணைகள் கெட்டுப்போகின்றன. அன்றைக்கு விடை சரியாகவே இருக்கும். மறுவாரம் தொடக்கத் தேதி மாறும்போது அந்த ஒரு கட்டம் மட்டும் அசையாமல் நிற்கும். அதற்காகத்தான் E நெடுவரிசையைக் காலியாக விட்டோம். வேலை உண்மையில் முடிந்த தேதியை அங்கே எழுதி, அடுத்த வேலைகளின் தொடக்கம் E-யில் தேதி இருந்தால் அதையும், இல்லையென்றால் D-யையும் பார்க்கும்படி மாற்றுங்கள். B5-இல் அது இப்படி வரும்:

```
=WORKDAY(MAX(IF(E3="",D3,E3),IF(E4="",D4,E4)),1,Holidays!$A$2:$A$20)
```

B3, B4, B6, B7 ஆகியவற்றிலும் முந்தைய வேலையின் D-க்குப் பதிலாக இதே `IF` வடிவம் வர வேண்டும். இப்போது E3-இல் மார்ச் 16 என்று எழுதிப் பாருங்கள். வடிவமைப்பின் பட்டை திட்டப்படி 12-இலேயே நிற்கும். பக்கங்களை உருவாக்குதல் 17 முதல் 24 வரைக்கும், சோதனை 25 முதல் 27 வரைக்கும், வெளியீடு திங்கள் 30-க்கும் நகர்ந்துவிடும். ஒன்று மட்டும் செய்ய வேண்டாம்: இந்த அட்டவணையைத் தேதி வாரியாகவோ பெயர் வாரியாகவோ வரிசைப்படுத்தக் கூடாது. ஒவ்வொரு தொடக்கமும் இன்னொரு வரிசையைப் பார்த்து நிற்பதால், வரிசைகள் இடம் மாறியதும் சோதனை எந்த வேலைக்காகக் காத்திருக்கிறது என்பதே மாறிப்போகும். வடிகட்டிப் பார்ப்பதால் பாதிப்பில்லை.