20 அடி ஃபிளெக்ஸுக்கு 300 ரெசல்யூஷன் எதற்கு?

கல்யாண மண்டப வாசலில் கட்ட 20 அடி அகலம், 10 அடி உயரத்தில் ஒரு ஃபிளெக்ஸ். வடிவமைப்பவர் பழக்கத்தில் ரெசல்யூஷனை அங்குலத்துக்கு 300 பிக்சல் என்று வைத்துவிடுகிறார். கையில் பிடித்துப் படிக்கும் அழைப்பிதழுக்கு அது சரி. பேனருக்கு அதையே வைத்தால் படம் 72,000 × 36,000 பிக்சலாக வீங்கும். அச்சுக்கான நான்கு வண்ண முறையில் அது 10 ஜிபியைத் தாண்டும். ஜேபெக் கோப்பு அகலத்திலோ உயரத்திலோ 65,535 பிக்சலுக்கு மேல் ஏற்காது என்பதால், அதில் சேமிக்கவும் முடியாது.

இத்தனை பாடும் கண்ணுக்குத் தெரியாத நுணுக்கத்துக்காக. சாதாரணப் பார்வைக்கு 30 அடி தள்ளி நின்றால் அங்குலத்துக்கு ஏறக்குறைய 10 பிக்சல்தான் பிரிந்து தெரியும். 10 அடியில் 29. எனவே சாலைக்கு எதிர்ப்புறத்திலிருந்து பார்க்கும் பேனருக்கு நான் 30 வைக்கிறேன். வாசலில் சற்று நெருங்கி நிற்பவருக்கும் அது போதும். படம் 7,200 × 3,600 பிக்சல். சுருக்காத நிலையில் சுமார் 100 எம்பி.

இதற்கு நேரெதிரான தவறுதான் பேனரை உண்மையில் கெடுக்கிறது. மாப்பிள்ளை வீட்டார் வாட்ஸ்அப்பில் ஒரு குழுப்படம் அனுப்புகிறார்கள். அதில் மாப்பிள்ளையின் முகம் 240 பிக்சல் உயரம். பேனரில் அந்த முகம் 4 அடி, அதாவது 48 அங்குலம். அங்குலத்துக்கு 5 பிக்சல்தான் கிடைக்கிறது. 30 அடியிலேயே முகம் மங்கிவிடும். ரெசல்யூஷன் பெட்டியில் 300 என்று தட்டினால் மென்பொருள் இடைப்பட்ட பிக்சல்களை ஊகித்து நிரப்புமே தவிர, காணாமல்போன இமையும் புருவமும் திரும்பி வராது. கேமராவிலிருந்து வந்த மூலப்படத்தை, வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். முகம் மட்டும் 1,200 பிக்சல் இருந்தால் அங்குலத்துக்கு 25 வந்துவிடும்.

இன்னொரு குழப்பம், பத்தில் ஒரு பங்கு அளவில் வடிவமைக்கும்போது வருகிறது. 24 × 12 அங்குலப் பக்கத்தில் 300 வைத்தால், அச்சில் பத்து மடங்கு பெரிதாகி 30 ஆகும். அங்கே 300 சரியான எண். பேனர்தானே என்று 72 வைத்தவர்களுக்கு அச்சில் மிஞ்சுவது 7 பிக்சல்தான். பெயர்களையும் தேதியையும் மட்டும் படத்தோடு கரைக்காமல் வெக்டராகவே விடுங்கள். எழுத்தின் விளிம்பு எந்த அளவிலும் கூர்மையாக இருக்கும்.

அச்சுக்கு அனுப்புமுன் ஒரு சோதனை செய்துவிடுங்கள். 30 வைத்த கோப்பில் கண்ணும் மூக்கும் வரும் இடத்திலிருந்து 240 × 330 பிக்சல் துண்டை வெட்டி, ஒரு ஏ4 தாள் நிறைய அச்சிடுங்கள். பேனரில் அந்த இடம் வரப்போகும் உண்மையான அளவு அதுதான். சுவரில் ஒட்டிவிட்டு 30 அடி பின்னால் போய் நின்று பாருங்கள். கைக்கெட்டும் தூரத்தில் கட்டம்கட்டமாகத் தெரிந்தது அங்கே முகமாகச் சேர்ந்துவிட்டால் அனுப்பலாம். அங்கேயும் கலங்கலாகத் தெரிந்தால் வேறு படம் கேளுங்கள்.