அரசியல் சீர்திருத்த வரிசையை மறக்காமலிருக்க ஒரு கதை

ஓ.எல். வரலாற்றில் பிள்ளைகள் அதிகம் குழம்புவது அரசியல் சீர்திருத்தங்களின் வரிசையில்தான்: கோல்புறூக் (1833), குறூ மக்கலம் (1910), மனிங் (1920), மனிங் டெவன்ஷயர் (1924), டொனமூர் (1931), சோல்பரி (1947).

முதல் எழுத்துகளை மட்டும் எடுத்தால் கோ, கு, ம, ம, டொ, சோ. இரண்டு 'ம' வருவதால் இது மட்டும் போதாது. அதனால் திருகோணமலைப் பிள்ளைகளுக்குத் தெரிந்த இடத்திலேயே ஒரு கதை கட்டலாம். கோணேசர் கோயிலிலிருந்து ஓடிவரும் குரங்கு, கோட்டை வாசலில் நிற்கும் மானின் முதுகில் குதிக்கிறது. பயந்த மான், டெலிபோன் பேசிக்கொண்டிருக்கும் இன்னொரு மானை முட்டுகிறது. டெலிபோன் பறந்துபோய் டொபிப் போத்தலை உடைக்க, டொபிகள் சோளம் அவிக்கும் பானைக்குள் விழுகின்றன. டெலிபோன் வைத்திருக்கும் மான்தான் டெவன்ஷயர்.

ஒன்று அடுத்ததைத் தள்ளவோ உடைக்கவோ வேண்டும். சும்மா பக்கத்தில் நின்றால் சங்கிலி அறுந்துவிடும். சரியாகப் பதிந்ததா என்று பார்க்க, சோளப் பானையிலிருந்து பின்னோக்கிச் சொல்லச் சொல்லுங்கள். தடுமாறும் இடத்தில் கதையை இன்னும் கோமாளித்தனமாக்குங்கள்.

கதை வரிசையை மட்டும்தான் தரும். ஆண்டுகளைத் தனியாகப் பாடமாக்க வேண்டும். சர்வசன வாக்குரிமை வந்த 1931இலிருந்து தொடங்கினால் மற்றவற்றை முன்னும் பின்னும் வைப்பது லேசு.