வால்யூம் காட்டாததை ஸ்ப்ரெட் காட்டியது

என்எஸ்இ பங்குகளை வாங்கி விற்கும் என் பைத்தான் நிரல், பழைய விலைகளில் ஓட்டிப் பார்க்கும் பேக்டெஸ்டில் லாபம் காட்டியது. நிஜத்தில் தினமும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்தது. முதலில் தரகுக் கட்டணத்தைக் கணக்குப் பார்த்தேன், அது பொருந்தவில்லை. இணைய வேகத்தைக் கூட்டியும் பலனில்லை. அப்புறம் சராசரி வால்யூம் குறைந்த பங்குகளை நீக்கினேன். ஆனால் ஒரே நாளில் பெரிய கைமாற்றம் நடந்த பங்கின் சராசரி உயர்ந்துவிடுவதால், அது வடிகட்டியைத் தாண்டி உள்ளே வந்தது.

அப்படி ஒரு பங்கில் வாங்குவோர் விலை 84.10, விற்போர் விலை 85.30. பேக்டெஸ்ட் பார்ப்பதோ கடைசி வர்த்தக விலையை மட்டும். மார்க்கெட் ஆர்டரில் வாங்கி உடனே விற்றாலே 1.20 ரூபாய், அதாவது சுமார் 1.4% போய்விடும். ஆகவே இந்த இரு விலைகளின் இடைவெளியான ஸ்ப்ரெட் 0.3 சதவீதத்துக்குள் இருந்தால் மட்டும் வாங்கச் சொன்னேன்.

அதன்பிறகும் சில பங்குகளில் ஆர்டர் நிறைவேறாமல் தொங்கியது. பதிவில் அவற்றின் ஸ்ப்ரெட் சரியாக -200! விலை அன்றைய உச்சவரம்பைத் தொட்டு நிற்கும் அப்பர் சர்க்யூட்டில் விற்பவரே இல்லாததால், விற்போர் விலையான ask சுழியமாக வருகிறது. எதிர்மறை எண் 0.3-ஐவிடச் சிறியதுதானே, தேர்வாகிவிடும். இதுதான் தீர்த்தது:

```python
ok = bid > 0 and ask > bid
if ok:
    sp = (ask - bid) / ((ask + bid) / 2) * 100
    ok = sp <= 0.3
```

9:15-க்குச் சந்தை திறந்ததும் நல்ல பங்கிலும் ஸ்ப்ரெட் விரிந்திருக்கும். அதனால் 9:30-க்குப் பிறகு சில நிமிடங்கள் அளந்து, இடைநிலை மதிப்பை எடுக்கிறேன்.